வராதவருக்கும் கட்டணமா? உள்நுழைவுச் சேவைகளின் மாதக் கணக்கு

அரசுப் பணித் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் இதுவரை பதிவு செய்தவர்கள் 3,00,000 பேர். சாதாரண மாதத்தில் 30,000 பேர் உள்ளே வருகிறார்கள். தேர்வு முடிவு வெளியாகும் மாதத்தில், பல மாதங்களாக எட்டிப் பார்க்காதவர்களும் சேர்ந்து 1,40,000 பேர் வருகிறார்கள். கடவுச்சொல், கூகுள் வழி உள்நுழைவு, மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற வேலைகளையெல்லாம் செயலிக்காரர் தாமே எழுதவில்லை. ஒரு வெளிச்சேவையிடம் விட்டிருக்கிறார். அந்தச் சேவை மாதக் கடைசியில் எத்தனை பேருக்குப் பணம் கேட்கும்? மூன்று லட்சத்துக்கா, முப்பதாயிரத்துக்கா, இரண்டும் இல்லாத வேறொரு எண்ணிக்கைக்கா?

மூன்றாவதுதான் சரியான விடை. ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, இந்தச் சேவைகள் தலையை எப்படி எண்ணுகின்றன என்று பார்க்க வேண்டும். அமேசானின் காக்னிட்டோ, கூகுளின் ஃபயர்பேஸ், மைக்ரோசாஃப்டின் என்ட்ரா, ஆத்ஜீரோ, சூபாபேஸ், கிளார்க் என்று இந்தத் துறையில் பெயர்பெற்ற சேவைகள் பெரும்பாலும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருக்கின்றன. அந்த மாதத்தில் இயங்கிய தனிப் பயனர்களின் எண்ணிக்கை என்பது அது. தொழிலில் இருப்பவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைக்கொண்டு எம்.ஏ.யு. என்பார்கள். அளவுகோலின் பெயர் ஒன்றாக இருந்தாலும், ‘இயங்கிய’ என்பதற்கு ஒவ்வொரு சேவையும் தனித்தனி இலக்கணம் வைத்திருக்கிறது. விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு பயனருக்கான காசு. பில்லைத் தீர்மானிப்பதோ உதவிப் பக்கத்தில் எங்கோ ஒரு வரியில் கிடக்கும் அந்த இலக்கணம்.

இந்த முறை வருவதற்கு முன் இருந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நியாயமான ஒரு பகுதி உண்டு. மைக்ரோசாஃப்டின் அஸூர் ஏடி பி2சி என்ற சேவை ஒரு காலத்தில் ஒவ்வொரு உள்நுழைவுக்கும் தனித்தனியாகக் கட்டணம் போட்டது. 2019 நவம்பரில்தான் மாதப் பயனர் கணக்குக்கு மாறியது. ஒவ்வொரு உள்நுழைவுக்கும் காசு என்றால், செயலி எழுதுபவர் பயனரை வெளியே விடவே தயங்குவார். வங்கிச் செயலிபோலப் பத்து நிமிடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டிய இடத்திலும் ஒரு வாரம் திறந்தே வைத்திருக்கத் தோன்றும். மாதத்துக்கு ஒரு தலை ஒரு கணக்கு என்று ஆனதும் அந்தத் தயக்கம் போயிற்று. ஒருவர் மாதத்தில் ஒரு முறை வந்தாலும் நானூறு முறை வந்தாலும் ஒரே காசு. பாதுகாப்பாக நடந்துகொள்பவருக்கு அபராதம் போடாத முறை என்ற அளவில் இது நல்ல மாற்றம்.

இதன் மறுபக்கம், ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரும் தினம் வருபவரும் ஒரே எடை என்பது. தேர்வு முடிவைப் பார்க்க அரை நிமிடம் வந்தவருக்கும், நாள்தோறும் மாதிரித் தேர்வு எழுதுபவருக்கும் செயலிக்காரர் கட்டுவது ஒன்றுதான்.

இனி இலக்கணங்களுக்கு வருவோம். காக்னிட்டோவின் விதி அகலமானது. ஒரு நாட்காட்டி மாதத்துக்குள் பயனர் பதிவு செய்தாலும், உள்நுழைந்தாலும், டோக்கனைப் புதுப்பித்தாலும், கடவுச்சொல்லை மாற்றினாலும், அவருடைய கணக்கு விவரத்தில் ஏதாவது திருத்தப்பட்டாலும் அவர் இயங்கியவர். சூபாபேஸின் விதி கொஞ்சம் குறுகலானது. பில் சுழற்சிக்குள் உள்நுழைந்தவரும் டோக்கனைப் புதுப்பித்தவரும் எண்ணப்படுவார்கள், ஒவ்வொருவரும் ஒரு முறைதான். மைக்ரோசாஃப்ட், அந்த நாட்காட்டி மாதத்தில் அடையாளச் சரிபார்ப்பு நடந்த தனிப் பயனர்களை எண்ணுகிறது. இந்த மூன்றிலும், அந்த மாதம் முழுக்க எந்த அசைவும் இல்லாத பெயர் கணக்கில் வராது. பதிவேட்டில் தூங்கும் லட்சக்கணக்கான பெயர்களுக்கு வாடகை இல்லை.

கிளார்க் வேறு ஒரு கோணத்திலிருந்து எண்ணுகிறது. பதிவு செய்த முதல் 24 மணி நேரம் இலவசம். அதற்குப் பிறகு ஒருவர் திரும்பி வந்தால்தான் அவர் கணக்கில் ஏறுவார். திரும்பி வருபவரை மட்டும் எண்ணும் இந்த விதி, புதிதாகத் தொடங்கிய செயலிகளுக்குப் பெரிய நிம்மதி. விளம்பரத்தைப் பார்த்து வந்து, பதிவு செய்து, மறுநாளே மறந்துவிடுபவர்கள்தான் அங்கே அதிகம். இயந்திரங்கள் போடும் போலிப் பதிவுகளும் இந்த விதியில் தாமாக உதிர்ந்துவிடும். பதிவையே இயக்கமாக எண்ணும் சேவையில் அப்படி இல்லை. ஓர் இரவில் 20,000 போலிக் கணக்குகள் நுழைந்தால் 20,000 தலைகளும் அந்த மாத பில்லில் இருக்கும். மற்றச் சேவைகளும் இந்த விதியைப் பின்பற்றலாம் என்பதே என் கருத்து. பயனில்லாத வரவுக்குப் பணம் வாங்காமல் இருப்பது இரு தரப்புக்கும் மரியாதை.

இவற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது டோக்கன் புதுப்பிப்பு. ஒருவர் உள்நுழைந்ததும் சேவை இரண்டு சீட்டுகள் தருகிறது. ஒன்று குறுகிய ஆயுள் உடையது, பெரும்பாலும் ஒரு மணி நேரம். அதைக் காட்டித்தான் செயலி தரவைக் கேட்கும். மற்றது நீண்ட ஆயுள் உடையது. முதல் சீட்டு காலாவதியானதும் இரண்டாவதைக் காட்டிப் புதியதை வாங்கிக்கொள்ளலாம், பயனர் மறுபடி கடவுச்சொல் தட்ட வேண்டியதில்லை. காக்னிட்டோவில் நீண்ட சீட்டின் ஆயுள் இயல்பாக 30 நாள். வேண்டுமானால் பத்தாண்டுவரை நீட்டலாம். ஃபயர்பேஸில் அதற்கு இயல்பான காலக்கெடுவே இல்லை. இந்தப் புதுப்பிப்பைச் செய்வது பயனர் அல்ல, அவருடைய கைபேசியில் இருக்கும் நிரல். சேவைகள் தரும் நிரல் தொகுப்புகள் காலாவதி நெருங்கும்போது தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

ஆகவே பயனர் செயலியைத் திறக்காமலே இயங்கியவர் ஆகிவிட முடியும். முகப்புத் திரையில் ‘இன்றைய வினா’ என்று ஒரு சிறுசாளரம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பின்னணியில் விழித்து, வினாவைக் கொண்டுவரச் சீட்டைப் புதுப்பிக்கிறது. அவ்வளவுதான், அந்த மாதத்துக்கு அவர் ஒரு தலை. இரண்டு மாதமாக அந்தச் சாளரத்தின் பக்கம் அவர் கண் போகாமலே இருந்திருக்கலாம். உலாவியில் மூடாமல் விட்ட ஒரு தாவலும் இதையே செய்யும். மாதத்தின் கடைசி நாள் இரவு திறந்து வைத்த பக்கம், மறுநாள் காலையில் ஒரு புதுப்பிப்பைச் செய்தால், ஒரே வருகை இரண்டு மாதங்களில் எண்ணப்படும். அமேசானின் பில் மாதம் உலகப் பொது நேரப்படி மாறுகிறது. அதாவது நம் ஊரில் ஒன்றாம் தேதி காலை ஐந்தரை மணிக்கு. விடியற்காலையில் எழுந்து படிக்கும் தேர்வர்கள் நிறைந்த செயலிக்கு இந்த எல்லை உண்மையிலேயே உறைக்கும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன செயலிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் மாறக்கூடியவை. இங்கே எடுத்துக்கொள்வது அந்தச் சேவைகள் வெளியிட்ட பட்டியல் விலைகள். காக்னிட்டோ 2024 நவம்பரில் தன் திட்டங்களை லைட், எசென்ஷியல்ஸ், பிளஸ் என்று மூன்றாகப் பிரித்தது. முன்பு 50,000 பேர்வரை இருந்த இலவச எல்லை, புதிதாகச் சேருபவர்களுக்கு 10,000 ஆகக் குறைந்தது. எசென்ஷியல்ஸில் அதற்கு மேல் ஒருவருக்கு 0.015 டாலர். சாதாரண மாதத்தில் 30,000 பேர் என்றால் 20,000 பேருக்குக் கட்டணம், 300 டாலர். முடிவு வெளியாகும் மாதத்தில் 1,30,000 பேருக்குக் கட்டணம், 1,950 டாலர்.

ஃபயர்பேஸின் மேம்பட்ட வடிவில் மின்னஞ்சல், சமூக வலைத்தள உள்நுழைவுகளுக்கு 50,000 பேர்வரை இலவசம். அடுத்த 50,000 பேருக்குத் தலைக்கு 0.0055 டாலர், அதற்கு மேல் 0.0046. சாதாரண மாதத்தில் கட்டணமே இல்லை. பெரிய மாதத்தில் 275 டாலரும் 184 டாலரும் சேர்ந்து 459. சூபாபேஸின் ப்ரோ திட்டம் மாதம் 25 டாலர், அதற்குள் 1,00,000 பேர் அடக்கம், மேலே ஒருவருக்கு 0.00325. பெரிய மாதத்தில் 25 உடன் 130 சேர்ந்து 155 டாலர். ஆனால் ப்ரோ திட்டத்தில் தரவுத்தளமும் மற்றவையும் சேர்ந்தே வருகின்றன. அவை தேவையில்லாதவருக்கு இந்த ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கு ஆகும் செலவு எங்குமே இந்தத் தலைக்கணக்குக்கு வெளியே தனியாகப் போகும். தேர்வு முடிவு நாளில் எல்லோரும் கடவுச்சொல்லை மறந்து கைபேசி எண் வழியே வந்தால், அந்தச் செலவு தலைக்கணக்கையே விழுங்கிவிடும்.

ஒரே செயலி, ஒரே கூட்டம், பில் மட்டும் 155 டாலருக்கும் 1,950 டாலருக்கும் நடுவே ஆடுகிறது. இதுகூட இலக்கணச் சிக்கல் எதுவும் தலையிடாத கணக்கு. தலையிட்டால் என்ன ஆகும்?

செயலிக்காரர் ஒவ்வொரு பயனரின் சந்தா நிலையையும் காக்னிட்டோவின் கணக்கு விவரத்திலேயே ஒரு கூடுதல் புலமாக வைத்திருக்கிறார். வசதியானதுதான், டோக்கனுக்குள்ளேயே சந்தா நிலை வந்துவிடும். அதைச் சரியாக வைத்திருக்க ஓர் இரவுப் பணியை எழுதுகிறார். அது பதிவேட்டில் உள்ள எல்லோரையும் வரிசையாக எடுத்து, `AdminUpdateUserAttributes` என்ற கட்டளையால் அந்தப் புலத்தைத் திரும்ப எழுதுகிறது. மதிப்பு மாறியதா இல்லையா என்று பார்ப்பதில்லை. விவரத் திருத்தம் இயக்கமாக எண்ணப்படும் சேவையில், அன்று இரவே மூன்று லட்சம் பேரும் இயங்கியவர்கள். 2,90,000 தலைகளுக்கு 4,350 டாலர். அவர்களில் பெரும்பாலோர் ஓர் ஆண்டாக அந்தச் செயலியைத் தொட்டதே இல்லை. மாறியவர்களை மட்டும் திருத்தும்படி நிரலை மாற்றினால் போதும். அதைவிட நல்லது, சந்தா நிலை போன்றவற்றைச் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, அடையாளச் சேவையிடம் அடையாளத்தை மட்டும் விடுவது.

இன்னொரு ஓட்டை சோதனைகளில் இருக்கிறது. நிரலை மாற்றும்போதெல்லாம் தானியங்கிச் சோதனை ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஐந்து புதிய பயனர்களைப் பதிவு செய்து, உள்ளே அனுப்பி, கடைசியில் அழித்துவிடும். நாளுக்கு 200 ஓட்டம் என்றால் மாதத்துக்கு 30,000 தலைகள். அழித்துவிட்டதால் பதிவேட்டில் ஒருவரும் தெரியமாட்டார்கள், ஆனால் இயக்கம் நடந்தது நடந்ததுதான். சோதனைக்கு ஐந்து நிலையான கணக்குகளை வைத்துக்கொண்டால் இது ஐந்து தலையோடு நிற்கும். பதிவு செய்யும் படியையே சோதிக்க வேண்டும் என்றால், தம் கணினியிலேயே ஓடும் ஒரு போலிச் சேவையை வைத்துச் செய்யலாம். ஃபயர்பேஸ் அதற்கென்றே ஒரு கருவி தருகிறது.

ஒரே ஆள் இருவராவதும் உண்டு. மின்னஞ்சல் வழியே பதிவு செய்தவர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது, முன்பு எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் கூகுள் பொத்தானை அழுத்துகிறார். இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் அவருக்கு இரண்டாவது அடையாள எண் பிறக்கும். சேவை எண்ணுவது மனிதரை அல்ல, அடையாள எண்ணை. வெகுநாள் கழித்து வருபவர்களிடம்தான் இது அதிகம் நடக்கும். கட்டணத்தைவிடப் பெரிய தொல்லை, அவருடைய பழைய மதிப்பெண்களும் வாங்கிய பாடங்களும் காணாமல் போனதாக அவருக்குத் தோன்றுவது.

இனி படிகள். காக்னிட்டோவும் ஃபயர்பேஸும் எல்லையைத் தாண்டிய தலைகளுக்கு மட்டும் கூடுதல் காசு வாங்குகின்றன. ஒருவர் கூடினால் ஒருவருக்கான காசுதான் கூடும். ஆத்ஜீரோ போன்ற சேவைகள் படிகளாக விற்கின்றன. இத்தனை பேர்வரை இந்த விலை, அதைத் தாண்டினால் அடுத்த படியின் விலை. நம் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் வேறு வீதம் விழுகிறதே, அதே குணம். ஆத்ஜீரோ 2024இல் தன் இலவசத் திட்டத்தை 25,000 பேர்வரை உயர்த்தியது. கட்டணத் திட்டமோ 500 பேர் என்ற படியிலிருந்து தொடங்குகிறது. 20,000 பேரோடு இலவசமாக இருப்பவர், இலவசத்தில் கிடைக்காத ஒரு வசதிக்காகக் கட்டணத் திட்டத்துக்கு மாற நினைத்தால், அந்த ஒரு வசதிக்கான விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. தம்மிடம் உள்ள அத்தனை தலைகளுக்கும் உரிய படியின் விலையைப் பார்க்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் கூட்டம் ஏறி இறங்கும் செயலிக்குப் படிமுறை ஒத்துவராது. ஒரு மாத உச்சத்துக்காக ஆண்டு முழுக்க மேல்படியில் நிற்கும்படி ஆகலாம்.

நிறுவன உள்நுழைவு இன்னும் தனி உலகம். ஒரு கல்லூரி தன் மாணவர்களைத் தன் சொந்த அடையாளப் பதிவேட்டின் வழியே உள்ளே அனுப்ப விரும்பினால், ஃபயர்பேஸிலும் காக்னிட்டோவிலும் அந்த வகைக்கு இலவச எல்லை 50 பேர்தான், அதற்கு மேல் தலைக்கு 0.015 டாலர். வொர்க்ஓஎஸ் என்ற சேவை இதைத் தலைகீழாக்கி, சாதாரணப் பயனர்கள் பத்து லட்சம்வரை இலவசம், ஒவ்வொரு நிறுவன இணைப்புக்கும் மாதம் 125 டாலர் என்று வைத்தது. மூன்று கல்லூரிகளுக்குத் தலா 20,000 மாணவர்கள் என்றால் இது மலிவு. முப்பது சிறு பயிற்சி மையங்களுக்குத் தலா நாற்பது பேர் என்றால் இதுவே மிகவும் விலை கூடியது.

பில்லில் வரும் எண்ணைச் சரிபார்ப்பது எப்படி? செயலிக்காரரிடம் பொதுவாக ஏற்கெனவே ஓர் எண் இருக்கும். செயலியில் உண்மையாக ஏதாவது ஒரு பக்கத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அவருடைய தரவுத்தளமே சொல்லும். அதையும் பில் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பில் எண் பத்து சதவீதம் கூட இருந்தால் பின்னணிப் புதுப்பிப்புகளும் மாத எல்லையும் காரணமாக இருக்கலாம். பல மடங்கு இருந்தால் எங்கோ ஒரு பணி எல்லோரையும் தொடுகிறது. சூபாபேஸில் அமர்வுகள் சொந்தத் தரவுத்தளத்திலேயே இருப்பதால் நேரடியாகக் கேட்கலாம். தேதிக்குப் பதில் உங்கள் பில் சுழற்சி தொடங்கும் நாளைப் போட வேண்டும்:

```sql
select count(distinct user_id)
from auth.sessions
where coalesce(refreshed_at, created_at) >= '2025-06-12';
```

வெளியேறியவர்களின் அமர்வுகள் அழிந்துவிடுவதால் இது பில் எண்ணைவிடக் குறைவாகவே காட்டும். ஆனாலும் வளர்ச்சியின் போக்கைக் காட்டப் போதும். காக்னிட்டோவில் கிளவுட்ட்ரெயில் பதிவேட்டைத் திறந்து, எந்தக் கட்டளை எத்தனை முறை ஓடியது என்று பார்க்கலாம். பயனர் திருத்தக் கட்டளைகள் நள்ளிரவில் வரிசைகட்டி நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

எந்த அடையாள எண், எந்தச் செயலால், எந்த நேரத்தில் கணக்கில் ஏறியது என்ற பட்டியலை பில்லோடு சேர்த்துத் தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தொலைபேசி நிறுவனங்கள் அழைப்புவாரியாக விவரம் தருகின்றன. தலைக்குக் காசு வாங்குபவர் அந்தத் தலைகளைக் காட்டத்தான் வேண்டும். பட்டியல் இல்லாதபோது, இரவுப் பணியால் வந்த 4,350 டாலரை, கூட்டம் பெருகிவிட்டது என்று நம்பிக் கட்டிவிடுபவர்கள் இருப்பார்கள்.

கூட்டத்தைக் குறைக்காமல் தலைக்கணக்கைக் குறைக்க நேர்மையான வழிகள் சில உண்டு. தேர்வு முடிவைப் பார்க்க உள்நுழைவே தேவையில்லை. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் கேட்டுச் சொந்த வழங்கியே காட்டிவிடலாம். நம் செயலியில் அந்த ஒரு மாற்றம் மட்டும் பெரிய மாதத்தின் 1,10,000 கூடுதல் தலைகளில் கணிசமானோரை வெளியே வைத்துவிடும். ஃபயர்பேஸில் பெயர் சொல்லாத விருந்தினர் கணக்குகளைப் பயன்படுத்துபவர்கள், 30 நாளுக்கு மேற்பட்டவற்றைத் தானாக அழிக்கும் வசதியை இயக்கினால் அந்தக் கணக்குகள் கட்டண எண்ணிக்கையில் சேராது. கிடைக்கும் வசதியில் இது மிக எளியது.

இன்னொன்று கொஞ்சம் கனமான வழி. சேவை ஒருமுறை அடையாளத்தை உறுதி செய்ததும், செயலியின் சொந்த வழங்கி தன் பெயரில் ஓர் அமர்வுக் குக்கியைத் தந்துவிடும். அறுபது நாளைக்கு அந்தக் குக்கி போதும், இடையில் சேவையிடம் போக வேண்டியதில்லை. தினம் வரும் பயனர் இரண்டு மாதத்துக்கு ஒரு தலையாக எண்ணப்படுவார். செலவு பாதியாகும். ஆனால் அந்த அறுபது நாளும் பொறுப்பு முழுவதும் செயலிக்காரருடையது. ஒருவர் கைபேசியைத் தொலைத்துவிட்டு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றச் சொன்னால், சேவையில் அழுத்தும் பொத்தான் இந்தக் குக்கியைத் தொடாது. அதை ரத்து செய்யும் ஏற்பாட்டைத் தனியாக எழுத வேண்டும், கடவுச்சொல் மாறிய செய்தி சேவையிலிருந்து தம் வழங்கிக்கு வந்துசேர வேண்டும். பணம் கைமாறும் செயலிகளில் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். மாதிரித் தேர்வு எழுதும் செயலிக்குச் சரியாக வரும்.

தலைக்கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு கீக்ளோக் இருக்கிறது. ரெட் ஹேட் வளர்த்து, 2023இல் சி.என்.சி.எஃப். அமைப்புக்குள் வந்த திறமூல மென்பொருள் அது. சொந்த வழங்கியில் நிறுவிக்கொண்டால் மூன்று லட்சம் பேர் வந்தாலும் உரிமக் கட்டணம் கிடையாது. இரண்டு வழங்கிகள், ஒரு தரவுத்தளம், பாதுகாப்புத் திருத்தம் வெளியான அன்றே அதைப் போட ஓர் ஆள், தேர்வு முடிவு நாளில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை உள்நுழைவு தாங்கும் என்று முன்கூட்டியே சோதித்த அளவு ஆகியவை வேண்டும். அப்படி ஓர் ஆள் ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்துக்கு 1,950 டாலர் மாதம் வருவதற்குள் இது வந்துவிட வேண்டும். இல்லாத நிறுவனத்துக்கு, அந்த ஆளின் ஆண்டுச் சம்பளத்தையும் ஓர் ஆண்டின் பன்னிரண்டு பில்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு.